வருகை வாசலில் நண்பனை வரவேற்பது: மதுரை விமான நிலையத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஊரை விட்டுக் கிளம்புகிறவன் நம் பக்கத்தில் "போறேன்" என்று சொல்லமாட்டான். "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்லுவான், நாமும் "போயிட்டு வா" என்று பதில் கொடுப்போம். நான்கு வருடம் துபாயில் இருந்துவிட்டு வருகிறவனும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிவிட்டுப் போயிருப்பான். எனவே அவன் திரும்பி வந்து நிற்கும் இடத்தில் முதலில் அவன் காதில் விழ வேண்டியது "வா" என்ற ஒற்றைச் சொல். வந்தவன் பேசத் தொடங்குவதற்கு முன்பே, காத்திருந்தவன் அதைச் சொல்லிவிட வேண்டும். "வான்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்ற மனத்தாங்கல் கல்யாண வீடுகளில் பல வருடப் பகையாக வளர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். விமான நிலைய வாசலிலும் கணக்கு அதேதான்.

ஆனால் அந்தச் சொல்லை எப்போது, எங்கே நின்று, யாருக்குப் பின்னால் சொல்லுவது என்பதில்தான் முதன்முறை போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். வீட்டு வாசலில் பழகிய வரவேற்பை விமான நிலைய வாசலில் அப்படியே செய்ய முடியாது. அங்கே திண்ணை கிடையாது, வருகிறவனின் இரண்டு கைகளும் தள்ளுவண்டியில் இருக்கும், பின்னால் இன்னும் இருபது பேர் வெளியே வர முண்டிக்கொண்டிருப்பார்கள்.

முந்தைய நாள் கேட்டு வைக்க வேண்டியவை

நண்பனிடம் முதலில் கேட்க வேண்டியது, அவன் நேரடி விமானத்தில் மதுரைக்கு வருகிறானா, சென்னையில் இறங்கி மாறி வருகிறானா என்பது. துபாய், கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஊர்களிலிருந்து நேராக மதுரையில் இறங்குகிறவன் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுக்குமிடம், சுங்கச் சோதனை ஆகிய மூன்றையும் இங்கேயே முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். விமானம் தரை தொட்ட பிறகு முக்கால் மணி நேரம் ஆவது சாதாரணம். கூட்டமான நாளில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். சென்னையில் மாறி வருகிறவன் பெரும்பாலும் இந்தச் சோதனைகளை அங்கேயே முடித்துவிடுவதால், மதுரையில் உள்நாட்டுப் பயணியாக இறங்கிக் கால் மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுவான். இது தெரியாமல் முதல் வகைக்காரனுக்காகச் சீக்கிரம் போனவர்கள் வெயிலில் வாடுகிறார்கள், இரண்டாம் வகைக்காரனுக்காக நிதானமாகக் கிளம்பியவர்கள் பெருங்குடிப் பக்கம் வரும்போதே, "எங்கடா இருக்க?" என்று வந்தவன் கேட்கும்படி ஆகிவிடுகிறது.

விமான எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ செயலியிலோ அந்த எண்ணைப் போட்டால் தாமதம் தெரிந்துவிடும். நேரத்தைச் சொல்லும்போது நண்பன் எந்த ஊர்க் கணக்கில் சொல்கிறான் என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பயணச்சீட்டில் வந்து சேரும் நேரம் நம் ஊர்க் கணக்கில்தான் இருக்கும், ஆனால் வாய்வார்த்தையாகச் சொல்லுகிறவன் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது உண்டு.

கடைசியாக, அவன் வீட்டிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். வாசலில் நீங்கள் முதல் ஆளா, மூன்றாவது ஆளா என்பது இந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

நிற்கும் இடம்

பயணச்சீட்டு இல்லாதவரைக் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால், வரவேற்பு முழுவதும் வெளியே, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நடக்கும். கதவுக்கு நேர் எதிரே நிற்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அங்கே நிற்காதீர்கள். கதவிலிருந்து வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்பி நடக்கிறார்கள் என்று நான்கைந்து பேரைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தில், தடுப்பு முடியும் இடத்தில், ஒரு தூணுக்கு அருகே நில்லுங்கள். உங்கள் முகம் கொஞ்சம் தாமதமாகத்தான் அவன் கண்ணில் படும், ஆனால் அவன் உங்களிடம் வந்து சேரும்போது நின்று பேச இடம் இருக்கும். வயதான தாய் தகப்பன் உடன் வந்திருந்தால் அவர்களையும் இங்கேயே நிறுத்துவது நல்லது, ஏனென்றால் தடுப்புக்கு மேலாக எட்டிக் கையைப் பிடிக்கப் பார்த்து மூச்சு வாங்கும் அம்மாக்களை அங்கே அடிக்கடி காணலாம்.

விமானம் இறங்கியதும் அவனுக்குத் தொடர்ந்து அழைப்பு விடாதீர்கள். குடியேற்றச் சோதனை வரிசையில் கைப்பேசியில் பேசக் கூடாது; தவிர, அவனிடம் இருப்பது வெளிநாட்டுச் சிம்மாக இருந்தால் இங்கே எடுக்காமலும் போகலாம். "வெளிய வந்து வலது பக்கம் தூணுகிட்ட நிக்கிறோம், அவசரம் இல்ல, எல்லாப் பெட்டியும் எண்ணி எடுத்துட்டு வா" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பி வைத்தால் போதும். அந்தக் கடைசி வாக்கியம் வெறும் பேச்சுக்கு அல்ல. ஒரு பெட்டி வந்து சேரவில்லை என்றால் உள்ளே இருக்கும்போதே விமான நிறுவனத்தாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியே வந்துவிட்ட பிறகு மறுபடி உள்ளே போவது எளிதல்ல.

கண்ணில் பட்ட கணம்

கையை உயர்த்தி, விரித்த உள்ளங்கையைக் காட்டி, அவன் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுங்கள். பெயரைத்தான் சொல்ல வேண்டும். "மாப்ள!" என்று மதுரையில் கத்தினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் இரண்டு பேர் "என்ன பங்காளி?" என்றுகூடக் கேட்பார்கள். அருகே வரச் சொல்லுவதானால் உள்ளங்கை தரையைப் பார்க்க விரல்களை மடக்கி அழைப்பதுதான் நம் வழக்கம். ஒற்றை விரலைச் சுண்டிக் கூப்பிடுவது வேலையாளை அழைப்பது போலத் தோன்றும், அவன் பெற்றோர் அருகில் இருக்கும்போது அது இன்னும் உறுத்தும்.

இப்போது அவன் தள்ளுவண்டியோடு வருகிறான். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வரவேற்புகள் சொதப்புகின்றன. அவனுடைய இரண்டு கைகளும் வண்டியின் கைப்பிடியில் இருக்கின்றன. பல தள்ளுவண்டிகளில் அந்தக் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் சக்கரம் உருளும், கையை எடுத்தால் நின்றுவிடும். அவனுக்குப் பின்னாலோ அடுத்த வண்டி அவன் குதிகாலை இடித்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் பாய்ந்து கட்டிப்பிடித்தால் அவன் ஒரு கையை மட்டும் எடுத்து உங்கள் முதுகில் அரைகுறையாகத் தட்டிவிட்டு, பெட்டி சரிகிறதா என்றுதான் பார்ப்பான்.

எனவே நண்பனின் முதல் வேலை தள்ளுவண்டியை வாங்குவது. பக்கவாட்டில் சென்று கைப்பிடியின் ஓரத்தைப் பிடித்து, "வாடா, இதக் குடு" என்று சொல்லி, வண்டியைக் கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி ஓரமாக நிறுத்துங்கள். "வா" என்ற சொல்லும் அவன் காதில் விழுந்துவிட்டது, அவன் கைகளும் விடுபட்டுவிட்டன. அவன் கழுத்திலோ தோளிலோ தொங்கும் சிறிய பையை மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு அன்பாக இருந்தாலும் சரி. கடவுச்சீட்டும் பணமும் வீட்டுக்கு வாங்கி வந்த நகையும் அதில்தான் இருக்கும். அதை நீங்கள் இழுத்தால் கொடுக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவன் திண்டாடுவான்.

வீட்டாருக்கு வழி விடுவது

வண்டியை வாங்கியதும் ஒரு எட்டுப் பின்னால் வந்துவிடுங்கள். சென்ற வருடம் என் நண்பன் ஒருவன் துபாயிலிருந்து நான்கு வருடம் கழித்து வந்தான். திருமங்கலம் பக்கத்துக் கிராமம். விமானம் பதினொன்று ஐந்துக்கு இறங்கியது, அவன் வெளியே வந்தபோது பன்னிரண்டு இருபது. அம்மா, மனைவி, அவன் போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகள், நான் ஆகிய நால்வரும் தூணடியில் நின்றிருந்தோம்.

வண்டியை நான் வாங்கிக்கொண்டதும் அவன் நேரே அம்மாவின் காலைத் தொடக் குனிந்தான். அவர் அவனைப் பாதியிலேயே தூக்கி நிறுத்தி, இரண்டு கன்னங்களையும் உள்ளங்கையால் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். படபடவென்று நெட்டி முறிந்த ஓசை எனக்குக் கேட்டது. கண்ணேறு கழிக்கும் அந்தச் செய்கை முடியும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவன் தோளிலிருந்த சிறிய பையை அவனாகவே கழற்றி அவரிடம் கொடுத்தான், அவர் அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். பொது இடத்தில் கணவன் மனைவிக்குள் அதற்கு மேல் செய்கை எதையும் நம் ஊரில் எதிர்பார்க்க வேண்டாம்; அந்த நேரத்தில் பெட்டியின் வார் சரியாக இருக்கிறதா என்று நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதே மரியாதை.

மகள்தான் சிக்கல். தினமும் காணொளியில் பார்த்த அப்பாதான், ஆனால் ஆள் உயரத்தில் நேரே வந்து நின்றதும் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். சுற்றியிருக்கிறவர்கள் இந்த இடத்தில் "போ, அப்பாகிட்டப் போ" என்று குழந்தையை முன்னால் தள்ளுவார்கள். அது அழுகையில் முடியும், வந்தவன் மனமும் ஒடிந்து போகும். நீங்கள் செய்யக்கூடியது, "மெதுவா வருவா, நீ உக்காரு" என்று நண்பனிடம் தாழ்ந்த குரலில் சொல்வது. அவன் தரையில் குந்தி உட்கார்ந்தான். கையை நீட்டாமல் அப்படியே இருந்தான். இரண்டு நிமிடம் கழித்து அவள் வந்து அவன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள்.

உங்கள் முறை

இப்போது நீங்கள். கையைப் பிடிப்பதானால் வலது கையால் குலுக்கி, இடது கையால் அவன் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளுவது நம் பக்கத்து ஆண்களிடம் இயல்பாக வருகிறது. நெருங்கிய நண்பனென்றால் தோளோடு தோள் சேர்த்து அணைத்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டலாம். உம்ரா, ஹஜ் முடித்து வரும் முஸ்லிம் நண்பருக்கு "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லித் தழுவிக்கொள்வது வழக்கம். நீங்கள் வேறு சமயத்தவராக இருந்தாலும் சலாம் சொன்னால் அவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்லுவார். வயதில் மூத்த நண்பரென்றால் கை குலுக்குவதைவிடக் கைகூப்பி "வாங்கண்ணே" என்பது பொருந்தும், அவரே கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளலாம்.

தனியாக இருக்கும்போது "வாடா மாப்ள" என்று கூப்பிடுகிறவனை அவன் அப்பா முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உத்தமம். மாப்ள, மச்சான், பங்காளி எல்லாம் உறவுமுறைச் சொற்கள். பெரியவர்கள் காதில் அவை நாம் நினைக்காத பொருளிலும் விழும்.

"வா"வுக்கு அடுத்த வாக்கியம் என்ன? "பயணம் எப்படி இருந்தது?" என்பது எழுத்தில் நன்றாக இருக்கிறது, வாசலில் நின்று கேட்டால் செய்தியாளர் கேட்பது போல இருக்கிறது. நம் வாயில் இயல்பாக வருவது "நல்லா இருக்கியா? சாப்டியா?" என்பதுதான், இரண்டாவதை உண்மையாகவே பதில் எதிர்பார்த்துக் கேளுங்கள். இரவு முழுக்கத் தூங்காமல் பெட்டி கட்டிவிட்டு வருகிறவன் விமானத்தில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி வைத்திருந்து, மூடியைத் திறந்து நீட்டினால், கேள்வியே தேவைப்படாது.

கேட்கக் கூடாத கேள்விகளில் முதன்மையானது "லீவு எத்தனை நாள்?" என்பது. இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, செய்து கெட்டவனாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இன்னொரு நண்பனை வரவேற்கப் போனபோது, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று இதைக் கேட்டுவிட்டேன். அவன் "முப்பது நாள்" என்றான். மகனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் அம்மா முகம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அவரிடம் இரண்டு மாதம் என்று சொல்லி வைத்திருந்தானாம். வண்டியில் வீடு போய்ச் சேரும்வரை அவர் பேசவில்லை. எப்போது திரும்பப் போகிறான் என்பதை அவன் சொல்லும்போது தெரிந்துகொண்டால் போதும்.

"எளைச்சுட்டியே", "கருத்துட்டியே" என்பவை அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் உரியவை, அவர்கள் சொன்னால் அது பாசம். நண்பன் சொன்னால், வெயிலில் வேலை பார்க்கிறவனுக்கு அது அவன் வேலையைப் பற்றிய குறிப்பாகக் கேட்கும். முடி கொட்டியதையும் வயிறு போட்டதையும் நாளைக்கு டீக்கடையில் கிண்டலடித்துக்கொள்ளலாம். அதே போல, "கஸ்டம்ஸ்ல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று வாசலில் குரலெடுத்துக் கேட்க வேண்டாம். அவன் முகம் வாடியிருந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நகர்ந்ததும் அவனே சொல்லுவான்.

பூவும் மாலையும்

மாலையும் பொன்னாடையும் விமான நிலையத்தில் கட்சிக்காரர்களுக்குப் பொருந்துகின்றன. வேலைக்குப் போய் வந்தவன் கழுத்தில் அதைப் போட்டால், எல்லோரும் திரும்பிப் பார்ப்பதில் அவன் கூசித்தான் போவான். பெண்ணைப் பெண் வரவேற்கும்போது மல்லிகைச் சரத்துக்கு ஈடு வேறில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை விட, வெளிநாட்டில் இருந்தவளுக்கு அந்த வாசம்தான் ஊர் என்பது முக்கியம். காலை விமானமானாலும் மொட்டாகவே வாங்குங்கள், மாலையில் வீட்டில் அது விரியும். வாழையிலையில் சுற்றிக் கொண்டுபோனால் வெயிலில் வாடாது. "பூ வச்சுக்க, திரும்பு" என்று சொல்லி நீங்களே சூடிவிடலாம். ஆண் நண்பர்கள் தோழிக்குப் பூ நீட்டுவது நம் ஊரில் வேறு பொருள் கொள்ளப்படும் என்பதால், கூட வந்த மனைவியோ தங்கையோ கொடுப்பதுதான் பேச்சுக்கு இடம் தராது.

இடையில் வீட்டில் கேதம் நடந்திருந்தால்

அவன் வெளிநாட்டில் இருந்தபோது அப்பாவோ அம்மாவோ இறந்துபோய், வர முடியாமல் இருந்து இப்போதுதான் வருகிறான் என்றால், மேலே சொன்ன அனைத்தும் மாறும். துக்க வீட்டில் "வாங்க" என்று வரவேற்பதும் இல்லை, "போயிட்டு வாரேன்" என்று விடைபெறுவதும் இல்லை. அந்த முறையையே வாசலிலும் கடைப்பிடிக்க வேண்டும். பெயரைக் கூவி அழைக்காதீர்கள், அவன் பார்க்கும்படி முன்னால் வந்து நில்லுங்கள். தள்ளுவண்டியைச் சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றால் போதும். பேசியே ஆக வேண்டும் என்றால் "எல்லாம் நல்லபடியா எடுத்துச் செஞ்சோம்" என்று சொல்லலாம். தன்னால் வர முடியாமல் போனதுதான் அவனை அரித்துக்கொண்டிருக்கும். கடைசி நேரத்தில் அப்பா என்ன சொன்னார் என்பது போன்ற விவரங்களை அங்கே தொடங்க வேண்டாம். அவன் அழுதால் தோளைக் கொடுங்கள், கூட்டம் பார்க்காதபடி உங்கள் உடம்பு மறைப்பாக நிற்கட்டும்.

வண்டிக்குப் போகும்போது

வாசலுக்கு நேரே வாகனத்தை நெடுநேரம் நிறுத்தி வைக்க விடமாட்டார்கள் என்பதால், ஓட்டுநரை நிறுத்துமிடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியை நீங்களே அங்கு உருட்டிச் செல்லுங்கள். ஏற்றும் முன் "எத்தன உருப்படி?" என்று கேட்டு எண்ணி ஏற்றுங்கள். முன் இருக்கையை நண்பனுக்கு மரியாதையாகக் கொடுக்கத் தோன்றும், ஆனால் அவன் பின்னால் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் உட்காரத்தான் விரும்புவான்; முன்னால் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.

வீடு வரை போகிறவராக இருந்தால், வாசலில் ஆரத்தி சுற்றி முடிக்கும்வரை பெட்டியோடு முந்திக்கொண்டு உள்ளே நுழைய வேண்டாம். பெட்டிகளை இறக்கித் திண்ணையில் வைத்துவிட்டுக் காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, அவர்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே எழுந்துவிடுங்கள். பெட்டி திறக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால் உங்களுக்கு ஏதாவது எடுத்துத் தர வேண்டிய சங்கடம் அவனுக்கு வரும். "நாளைக்குச் சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிக் கிளம்பினால், அவனும் வாசல் வரை வந்து, "வாடா" என்பான்.